வடக்குச் சுவரில் பொன்வெயில்

சென்னையின் தென்புறநகரில் ஒரு அடுக்குமாடித் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். கீழே கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளம், அதன்மேல் 5 மாடிகள், மொத்த உயரம் 18 மீட்டர். வடக்குப் பார்த்த மனை. வாஸ்து பார்க்கிறவர்கள் விரும்பிக் கேட்பது. பொங்கலுக்கு விற்பனை தொடங்குகிறது. பிராஷரின் அட்டையில் கட்டடத்தின் முகப்பு மாலை வெயிலில் பொன்னாக மின்னுகிறது. பால்கனிகளின் நிழல் சுவரில் சாய்கோடாக விழுகிறது. வாசலில் சரக்கொன்றை பூத்துத் தொங்குகிறது.

பொங்கல் விடுமுறையில் அந்தப் பிராஷரோடு மனையைப் பார்க்கப் போகிறவர் எந்த நேரத்தில் போனாலும் அந்த வெயிலைப் பார்க்க முடியாது. சென்னையில் செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் பிற்பகுதிவரை சூரியன் கிழக்குக்குத் தெற்கே உதித்து, மேற்குக்குத் தெற்கே மறைகிறது. அந்த 6 மாதமும் வடக்குச் சுவரில் நேர் வெயில் ஒரு நிமிடம்கூட விழாது.

அப்படியானால் படம் பொய்யா? இல்லை. அது ஜூன் மாதப் படம்.

பேச்சுவழக்கில் இதற்கு '3டி எலிவேஷன்' என்று பெயர். தொழிலில் இருப்பவர்கள் 'ரெண்டர்' என்பார்கள். கட்டட வரைபடத்தை வைத்து கணினிக்குள் சுவர், தூண், பால்கனி எல்லாவற்றையும் உண்மையான அளவில் எழுப்புவது முதல் வேலை. அடுத்து, நிறம் எதுவும் பூசாமல், முழுக் கட்டடத்தையும் களிமண் பொம்மைபோல ஒரே சாம்பல் நிறத்தில் வைத்து ஒரு படம் எடுப்பார்கள். கேமரா எங்கே நிற்கிறது, வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்ற இரண்டையும் அந்தச் சாம்பல் படத்திலேயே முடிவுசெய்துவிட வேண்டும். வண்ணமும் மரமும் வானமும் வந்தபிறகு கண் அவற்றில் மயங்கிவிடும்; வெளிச்சத்தின் பிழை தெரியாது.

வி-ரே, கொரோனா, லூமியன் போன்ற மென்பொருள்களில் ஊரையும் தேதியையும் நேரத்தையும் கொடுத்தால் சூரியன் தன் இடத்துக்குப் போய் நின்றுகொள்ளும். ஒரு நிபந்தனை உண்டு: வரைபடத்தின் வடக்கை மென்பொருளுக்குச் சரியாகக் காட்டியிருக்க வேண்டும். காட்டாவிட்டால் கணினிக்குத் திரையின் மேல்பக்கம்தான் வடக்கு. பல படங்களில் சூரியன் இடம் மாறி நிற்பதற்கு இந்த ஒரு மறதி போதும். மீதிப் படங்களில், 'வெயில் இந்தப் பக்கம் இருந்தால் அழகாக இருக்கிறது' என்று கையாலேயே சூரியனை நகர்த்திவிடுகிறார்கள்.

நம் கட்டடத்தில் சூரியனை நகர்த்தாமல் நேரத்தை மட்டும் தேடிப் பார்ப்போம். ஜூன் 21 நண்பகல். சென்னை 13 பாகை வடக்கில் இருப்பதால் அன்றைக்குச் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே போய், தொடுவானத்திலிருந்து சுமார் 80 பாகை உயரத்தில் நிற்கும். வடக்குச் சுவரில் வெயில் படத்தான் செய்யும், ஆனால் அநேகமாகச் செங்குத்தாக. 1.2 மீட்டர் நீண்டிருக்கும் ஒரு பால்கனி, சுவரில் கீழ்நோக்கி 6.8 மீட்டருக்கு நிழல் போடும். ஒரு மாடியின் உயரமே 3 மீட்டர்தான். ஆக, ஒவ்வொரு பால்கனியின் நிழலும் கீழே இரண்டு மாடிகளை விழுங்கிவிடும். அந்த நேரத்துப் படத்தில் முகப்பு கறுத்துக் கிடக்கும்.

அதே நாள் மாலை 5 மணி. சூரியன் 21 பாகைக்கு இறங்கி, நேர் மேற்கிலிருந்து 20 பாகை வடக்கே தள்ளி நிற்கிறது. இப்போது அதே பால்கனியின் நிழல் கீழே 1.3 மீட்டர்தான் இறங்குகிறது. பக்கவாட்டில் கிழக்கே 3 மீட்டருக்குமேல் ஓடுகிறது. வெயில் சுவரை உரசிக்கொண்டு போவதால், பூச்சின் சொரசொரப்பு, பட்டைக் கோடுகள், ஜன்னல் குழிவு எல்லாம் தனித்தனியாகத் தெரிகின்றன. சுவருக்குக் கிடைக்கும் வெயில், நேராக விழுந்தால் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூசாது. பிராஷர் அட்டையில் இருப்பது இந்த வெளிச்சம்தான். ஆண்டில் சில மாதங்களுக்கு, மாலையில் ஒரு மணி நேரம், காலையில் எதிர்ப்பக்கமிருந்து ஒரு மணி நேரம் இந்த முகப்பு உண்மையிலேயே இப்படி இருக்கும்.

ஜனவரியில் அதே சுவர் அசிங்கமாக இருக்கும் என்று பொருளல்ல. நேர் வெயில் இல்லாத சுவருக்கு வானத்திலிருந்து சிதறிவரும் வெளிச்சம் கிடைக்கிறது. அது மென்மையானது, லேசான நீலச் சாயல் கொண்டது. கிரீம் நிறச் சுவர் அதில் சற்றே சாம்பலாகத் தெரியும். ஆண்டில் பாதிக் காலம் அந்த வீட்டுக்காரர் பார்க்கப்போவது அந்த முகத்தை. பிராஷரில் அதற்கு இடமில்லை.

அட்டையைப் புரட்டினால் அடுத்த படம் பெரும்பாலும் அந்தி நேரமாக இருக்கும்: அடர்நீல வானம், எல்லா ஜன்னல்களிலும் தேன் நிற விளக்கு. இந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அழகு மட்டும் காரணமல்ல. கொளுத்தும் வெயிலில் வெளியே வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். விளக்கு போட்ட கூடத்துக்குள் 100 முதல் 300 லக்ஸ்தான். அந்த வேறுபாட்டில் பகலில் எந்த ஜன்னலும் வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும். சூரியன் மறையும்போது வெளி வெளிச்சம் சில நூறு லக்ஸுக்கு இறங்குகிறது. பிறகு சில நிமிடங்களில் உள்ளும் புறமும் ஏறக்குறைய சமமாகின்றன. அப்போதுதான் வானமும் தெரியும், சோபாவும் தெரியும்.

சென்னையில் சூரியன் மறைந்தபின் வெளிச்சம் தங்கும் நேரமே 22 நிமிடம்போலத்தான். லண்டனில் ஜூன் மாதம் அது இரண்டு மடங்குக்கு மேல். ஆக நம் ஊரில் அந்தச் சமநிலை சுமார் 10 நிமிடக் காட்சி. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு தவறான படத்தை உடனே பிடித்துவிடலாம். சுவரில் பளீரென்று வெயில் அடிக்கிறது, அதே படத்தில் ஜன்னலுக்குள் விளக்குகளும் ஒளிர்கின்றன என்றால், இரண்டு வெவ்வேறு நேரங்களை ஒட்டவைத்திருக்கிறார்கள்.

வானம் இந்தத் தொழிலில் பின்திரை மட்டுமல்ல. பெரும்பாலும் அதுதான் விளக்கு. எச்டிஆர்ஐ என்று ஒன்று இருக்கிறது. நிஜ வானத்தை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் பலமுறை படமெடுத்து ஒரே உருண்டைப் படமாகச் சேர்த்தது. அதைக் கட்டடத்தைச் சுற்றிக் கவிழ்த்தால், வானத்தின் ஒவ்வொரு மூலையும் தனக்குரிய அளவில் ஒளி வீசும். சூரிய வட்டம் மற்ற வானத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசமானது. படமெடுத்தவர் அந்த உச்சத்தை முழுதாகப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கணினியில் வானம் வெயில் நாளாகத் தெரியும், ஆனால் நிழல்கள் மேகமூட்ட நாளைப்போல மங்கலாக விழும். படத்தைப் பார்ப்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது. கட்டடம் தரையில் ஒட்டாமல் மிதப்பதுபோல மட்டும் தோன்றும்.

இன்னொரு வகைத் தவறு, வெயில் ஒரு வானத்திலிருந்தும் பின்னணி இன்னொரு வானத்திலிருந்தும் வருவது. கட்டடத்தின் நிழல் கிழக்கே விழுகிறது. வானத்து மேகங்களின் பளிச்சென்ற ஓரமும் கிழக்கே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நடக்காது. மேகத்தின் ஒளிரும் பக்கம், மரத்தின் நிழல், கண்ணாடியில் தெரியும் பிரதிபலிப்பு மூன்றும் ஒரே சூரியனைச் சுட்டுகின்றனவா என்று பார்த்தால் போதும்.

நிறத்திலும் ஊர் உண்டு. கடலோர ஈரக்காற்றும் தூசியும் சேர்ந்து சென்னை வானத்தைத் தொடுவானத்துக்கு அருகே வெளுப்பாக்கிவிடுகின்றன. ஜூன் மாத மாலையில் மேற்கே இடிமேகம் திரள்வதும் சாதாரணம். தொடுவானம்வரை ஒரே அடர்நீலமாக வரைந்தால் அது மத்தியதரைக் கடலோரம். ஆனால் வரைகிறவருக்கும் ஒரு நெருக்கடி இருக்கிறது: வெள்ளைக் கட்டடத்தை வெளுத்த வானத்தின் முன் நிறுத்தினால் விளிம்பே தெரியாது. அதனால் வானத்தை ஒரு படி கறுக்கவைப்பதை இந்தத் தொழிலில் யாரும் தவறாக நினைப்பதில்லை.

பணம் சம்பந்தப்பட்ட இடம், பொருள்கள். வீடு வாங்குகிறவர் வெயிலை வாங்குவதில்லை. சுவரையும் கைப்பிடியையும் தரைக்கல்லையும் வாங்குகிறார்.

வெள்ளையிலிருந்தே தொடங்கலாம். நல்ல வெள்ளை பெயின்ட்கூடத் தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதம் அளவுக்குத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக வேலைக்கு வந்தவர் கணினியில் வெள்ளை என்றால் முழு வெள்ளையையே கொடுத்துவிடுவார், அதாவது 100 சதவீதம். அப்படிப்பட்ட சுவர் உலகத்தில் இல்லை. பால்கனி மூலைகளில் ஒளி இழப்பே இல்லாமல் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். மூலையின் மென்னிழல் காணாமல் போகும். கட்டடம் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல ஆகிவிடும். பெயின்ட் நிறுவனங்கள் தங்கள் நிற அட்டையில் ஒவ்வொரு நிறத்துக்கும் அது திருப்பி அனுப்பும் ஒளியின் சதவீதத்தைத் தருவதுண்டு. கவனமாக வேலை செய்பவர்கள் அந்த எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். கல், ஓடு போன்றவற்றுக்கு மாதிரித் துண்டை வெயிலில் வைத்து, பக்கத்தில் நிறம் ஒப்பிடும் அட்டையையும் வைத்துப் படமெடுத்து, அதைக் கொண்டு கணினி நிறத்தைத் திருத்துகிறார்கள்.

அளவுப் பிழையைக் கண்டுபிடிக்கக் கணினியே வேண்டாம். முகப்பில் ஒரு பகுதி செங்கல் சுவராகக் காட்டப்பட்டிருந்தால், ஒரு மாடி உயரத்துக்குள் எத்தனை வரிசை என்று எண்ணலாம். 90 மில்லிமீட்டர் உயரச் செங்கல்லும் 10 மில்லிமீட்டர் கலவையும் சேர்ந்தால் வரிசைக்கு 100 மில்லிமீட்டர். 3 மீட்டருக்கு 30 வரிசை வரவேண்டும். 75 மில்லிமீட்டர் செங்கல்லானால் 35 வரிசை. படத்தில் 15 வரிசைதான் இருக்கிறது என்றால், இணையத்தில் கிடைத்த செங்கல் படத்தை அளவு பார்க்காமல் இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். செங்கல் பெரிதானால் கட்டடம் பொம்மைவீடுபோலச் சிறுத்துத் தெரியும்.

கண்ணாடி வேறு கதை. நேராகப் பார்த்தால் சாதாரண ஜன்னல் கண்ணாடி 8 சதவீத ஒளியைத்தான் பிரதிபலிக்கும். பார்வை சாயச் சாய அது ஏறிக்கொண்டே போகும். தெருவிலிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குக் கீழ்மாடி ஜன்னலில் இருட்டும் மேல்மாடி ஜன்னலில் வானமும் தெரிவது இதனால்தான். எல்லா மாடியிலும் ஒரே இளநீலமாகத் தெரியும் கண்ணாடியைப் படத்தில் மட்டுமே பார்க்கலாம்.

மரம்போலத் தெரியும் பட்டைகளை வாங்குபவர் கட்டாயம் கேட்க வேண்டும். படத்தில் தேக்குபோலத் தெரிவது, கட்டும்போது மர நிற ஓடாகவோ, மர அச்சுப் பதித்த தகடாகவோ, வெறும் பழுப்பு பெயின்ட்டாகவோ இருக்கலாம். படத்தில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விலையும், உப்புக்காற்றில் தாங்கும் காலமும் வேறு வேறு. என்ன பொருள் என்பது ஒப்பந்தத்தோடு இணைக்கும் விவரப் பட்டியலில் இருக்கும். அங்கேயும் 'அல்லது அதற்கு இணையானது' என்ற சொற்கள் சேர்ந்திருந்தால், படத்துக்கும் பொருளுக்கும் இடையிலான தூரம் இன்னும் கூடுகிறது.

படத்தில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். 5 மாடிக்கு ஏசி வெளி யூனிட்டுகள் எங்கே? கழிவுநீர்க் குழாய் எந்தச் சுவரில் இறங்குகிறது? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி? ஜன்னல் சன்ஷேடின் அடியில் நீர் சொட்டும் காடி இல்லாமல் கட்டினால், இரண்டு மழைக்காலத்தில் வெள்ளைச் சுவரில் கறுப்புக் கோடுகள் இறங்கும். அந்தக் காடி படத்தில் தெரியாத அளவு சின்னது.

இனி மரங்கள். பல ஆண்டுகளாக இந்தத் தொழிலின் மர நூலகங்கள் ஐரோப்பாவில் உருவானவை. போலந்தின் எவர்மோஷன் நிறுவனத்தின் தொகுப்புகள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. அதனால்தான் சென்னைப் பிராஷர்களில் பிர்ச் மரமும் மேப்பிள் மரமும் நின்றன. இப்போது வேம்பு, புங்கை, தென்னையெல்லாம் கணினி வடிவில் கிடைக்கின்றன. மரம் ஊருக்குச் சரியாக இருந்தால் மட்டும் போதாது, மாதத்துக்கும் சரியாக இருக்க வேண்டும். நம் பிராஷரில் சரக்கொன்றை பூத்திருப்பது அந்த வகையில் பொருத்தம்: அது ஏப்ரல் முதல் ஜூன்வரை பூப்பது, வடக்குச் சுவரில் வெயில் விழுவதும் அந்த மாதங்களில்தான்.

பொருந்தாதது வயது. படத்தில் அந்த மரம் இரண்டாவது மாடியைத் தொடுகிறது. நடும்போது அது ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, மூங்கில் கழியில் கட்டிய கன்று. பொறுப்பான நிலவடிவமைப்பாளர்கள் படத்தின் மூலையில் 'நட்டு 5 ஆண்டுக்குப் பின்' என்று எழுதச் சொல்வார்கள்.

இடமும் கணக்கில் வரவேண்டும். மனையின் முன்புறம் விட்டிருக்கும் 3 மீட்டரில் கேட் திறக்க வேண்டும், கார் நுழைய வேண்டும், சம்ப் மூடியும் கழிவுநீர்த் தொட்டி மூடிகளும் மின்வாரிய மீட்டர் பெட்டியும் உட்கார வேண்டும். பிராஷரில் அந்த இடம் முழுக்கப் புல்வெளி. பெரிய திட்டங்களில் பிரச்சினை வேறு: தோட்டத்தின் அடியில் கார் நிறுத்தும் அடித்தளம் இருக்கும். கான்கிரீட் தளத்தின்மேல் புல் வளர 30 சென்டிமீட்டர் மண் போதும். மரத்துக்குக் குறைந்தது 1 மீட்டராவது வேண்டும். நனைந்த மண் ஒரு கனமீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 டன். அந்தப் பாரத்தைத் தாங்கும்படி தளத்தை முதலிலேயே கணக்கிட்டிருந்தால்தான் படத்திலுள்ள தோப்பு நிஜத்தில் வரும். பாரத்துக்குத் திட்டமிடாத இடத்தில் கடைசியில் வந்து நிற்பவை தொட்டிச் செடிகள்தான்.

இவ்வளவுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-இன் 12-ஆம் பிரிவு விளம்பரத்தையும் விளக்கக் கையேட்டையும் மாதிரி வீட்டையும் பற்றியது. அவற்றில் இருந்த பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவருக்குக் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும். அதன் காரணமாகத் திட்டத்திலிருந்து விலக விரும்பினால் கட்டிய முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். படத்தின் அடியில் பொடி எழுத்தில் 'ஓவியரின் கற்பனை' என்று போடுவது இந்தப் பிரிவை மனத்தில் வைத்துத்தான். வெயிலின் கோணத்துக்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை. நீச்சல்குளமும் தோட்டமும் தேக்குப் பட்டையும் அப்படியல்ல. அதனால் பிராஷரைத் தூக்கிப் போடாமல், வாங்கிய தேதியோடு எடுத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மறுபடி நம் வடக்குப் பார்த்த மனைக்கு வருவோம். பொங்கல் முடிந்த ஞாயிறு மாலை, பிராஷரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சுவரை அண்ணாந்து பார்க்கிறார். சுவர் நிழலில் இருக்கிறது. சைட் இன்ஜினியர் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "ஜூன் மாசம் சாயங்காலம் வந்து பாருங்க சார், படத்துல இருக்கற மாதிரியே இருக்கும்."

அவர் சொல்வது சரிதான், எதிர்வரிசை மனைகள் காலியாக இருக்கும்வரை. பிராஷரில் அந்த இடத்தில் மங்கலான பசுமை மட்டும் இருக்கிறது. இடையில் உள்ள தெரு 9 மீட்டர்; இரண்டு பக்கமும் 3 மீட்டர் முன்வெளி. வடமேற்கே, தெருவுக்கு அந்தப் பக்கம், இதே 18 மீட்டர் உயரத்தில் இன்னொரு கட்டடம் எழுந்தால், ஜூன் 21 மாலை 5 மணிக்கு வெயில் அநேகமாக முழுச் சுவருக்கும் வரும். 5.30-க்குக் கீழே 7 மீட்டர் நிழலாகிவிடும். 6 மணிக்கு, படத்தில் இருக்கும் அந்தப் பொன்னிறம் முழுதாகக் கூடும் நேரத்தில், அது மேலிருக்கும் இரண்டு மாடிகளுக்கு மட்டும்தான். அந்த எதிர் மனையில் இப்போது கம்பி வேலிக்குள் பைல் போடும் இயந்திரம் வந்து நிற்கிறது.